வாங்கும் கம்பனியோடு வரும் பழைய கடன்



சட்டமும் கணக்கியலும் படித்துப் புறப்படும் உங்களிடம், சிறிய கம்பனி ஒன்றை வாங்க நினைப்பவர் ஒருநாள் கோப்புக்கட்டோடு வருவார். "இதில் வில்லங்கம் உண்டா, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார். அந்தக் கோப்பில் எதைத் தேட வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் பேச வந்திருக்கிறேன்.

தோட்டம் கைமாறுவது இந்தப் புசல்லாவைக்குப் பழக்கமானதுதான். 1970களில் நிலச் சீர்திருத்தத்தால் இங்குள்ள தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் உருவாகி நிர்வாகம் தனியாருக்கு வந்தது. புசல்லாவையின் பெயரிலேயே அவற்றில் ஒன்று இருக்கிறது. பலகையில் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் கொழுந்து பறித்தவர் அதே தொழிலாளிதான்; அவரது சேவைக்காலமும் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு கம்பனியின் பங்குகளை வாங்கினால் முதலாளிதான் மாறுகிறார், கம்பனி மாறுவதில்லை. அதன் மேல் உள்ள வழக்கும் கடனும் அதோடேயே வரும். கற்பனையாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். கம்பளை வீதியில் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலை. 40 பேர் நாட்கூலிக்கு வேலை செய்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் 20 வருடச் சேவை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு, வருடத்துக்கு 14 நாள் கூலி சேரும். கணக்கிடுவது கடைசியாக வாங்கிய கூலியை வைத்து. நாட்கூலி 1,000 ரூபாவாக இருந்தபோது ஒருவருக்கு 280,000 ரூபா. 2024இல் அது 1,350 ஆனதும் 378,000 ரூபா. நாற்பது பேருக்கும் சேர்த்தால் 1 கோடியே 51 இலட்சத்து 20 ஆயிரம்.

கூலி உயர்ந்த அன்றே கடந்த 20 வருடத்துக்குமான கடனும் உயர்ந்துவிட்டது, ஏறத்தாழ 39 இலட்சம். விற்பவரின் ஐந்தொகையில் பழைய கூலிப்படி போட்ட ஏற்பாடு அப்படியே கிடக்கலாம். சிலர் இதை 'நிகழத்தக்க பொறுப்பு' என்று குறிப்புப் பகுதிக்குள் தள்ளிவிடுவார்கள். அது தவறு. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்றிருப்பதற்கே அந்தக் குறிப்பு. அந்த மனிதர் 20 வருடம் உழைத்து முடித்துவிட்டார். கடன் ஏற்கெனவே பிறந்துவிட்டது.

அடுத்து செக்ரோலையும் ஈ.பி.எஃப். மாதப் படிவத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். செக்ரோலில் இருக்கும் பெயர் படிவத்தில் இல்லையென்றால், தொழில்தருநரின் 12 வீதமும் தொழிலாளியின் 8 வீதமும் கட்டப்படவில்லை. தாமதத்துக்கேற்ப மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை ஏறும். தொழில் திணைக்களம் சான்றிதழ் தாக்கல் செய்தால், நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிடும். அதனால்தான் மாவட்ட நீதிமன்றப் பதிவேட்டை மட்டும் பார்த்துவிட்டு 'வழக்கில்லை' என்று எழுதக்கூடாது என்கிறேன். நீதவான் நீதிமன்றத்திலும் தொழில் நியாயமன்றத்திலும் கம்பனியின் பெயரிலும் பணிப்பாளர்களின் பெயரிலும் தேட வேண்டும்.

இன்னும் தாக்கல் ஆகாத வழக்கும் உண்டு. வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் தொழில் நியாயமன்றத்துக்குப் போக ஆறு மாத அவகாசம் இருக்கிறது. நான்கு மாதத்துக்கு முன் நிறுத்தப்பட்டவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கலாம். ஆகவே கடைசி ஆறு மாதத்தில் விலகியவர்களின் பட்டியலைக் கேளுங்கள். விலகல் கடிதத்தையும் கேளுங்கள். விற்பவர் வழக்கே இல்லை என்கிறார், பேரேட்டிலோ ஒரே சட்டத்தரணிக்கு மாதாமாதம் பணம் போயிருக்கிறது என்றால், அந்தச் சட்டத்தரணியிடமிருந்து எழுத்தில் பதில் வாங்காமல் நகராதீர்கள். வங்கியிடமும் ஒரு கடிதம் வாங்க வேண்டும். விற்பவர் தன் மைத்துனரின் கடனுக்குக் கம்பனியின் பெயரில் உத்தரவாதம் கொடுத்திருந்தால், கம்பனிப் பதிவாளரிடம் உள்ள ஈட்டுப் பதிவேட்டில் அது தெரியாது. இதுதான் உண்மையான நிகழத்தக்க பொறுப்பு. மைத்துனர் கட்டத் தவறினால் மட்டுமே அது நம் தலையில் விழும்.

கண்டுபிடித்த பிறகு என்ன செய்வது? நிச்சயமான கடனை விலையில் கழியுங்கள். நிச்சயமில்லாததற்கு விலையின் ஒரு பகுதியைச் சட்டத்தரணியின் பொறுப்பில் நிறுத்திவைத்து, வழக்கு முடிந்ததும் கொடுங்கள். விற்பவர் ஈடுசெய்வதாக எழுதித் தரும் வாக்குறுதி, அவர் கையில் காசு இருக்கும் வரைதான் பயன்படும்.

என் கவலை இங்கேதான். பணிக்கொடைக்காக விலையில் கழித்த 1 கோடியே 51 இலட்சம் வாங்குபவரின் இலாபமாகப் போய்விடுவது எளிது. உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் ஆராயும் ஒப்பந்தம் எதுவானாலும், அந்தத் தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும், தொழிலாளர் ஓய்வுபெறும்போது அவர்களுக்கே போக வேண்டும் என்று ஒரு வாசகம் சேர்க்கச் சொல்லி உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.