மசக்கையில் மண் ஆசை: இரத்தத்தைப் பார்க்க வேண்டிய நேரம்

(ஆதரவாளர் கூடுகையில் பேசப்பட்டது)



போன கூடுகை முடிந்து புறப்படும் நேரத்தில் ஒரு தாயார் எங்களைத் தனியே அழைத்தார்கள். தம் மகள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறாள். நாள் முழுவதும் ஐஸ் கட்டியைக் கடித்துத் தின்கிறாள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்டார்கள். அன்றைக்கு நின்றபடியே பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இன்று எல்லாருக்குமாகச் சொல்லிவிடுகிறோம்.

மசக்கையில் புளியும் மாங்காயும் கேட்பது வேறு, அவை உணவு. செம்மண், புற்று மண், அடுப்புச் சாம்பல், சாக்பீஸ், சிலேட்டுக் குச்சி, ஐஸ் என்று உணவல்லாதவற்றின்மேல் அடக்கமுடியாத ஆசை வருவதற்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். பச்சரிசியைக் கைப்பிடி கைப்பிடியாக மென்று தின்பதையும் இதோடு சேர்ப்பார்கள். இது புத்திக் கோளாறோ கெட்ட பழக்கமோ அல்ல. இரும்புச்சத்துக் குறைந்த தாய்மார்களிடத்தில்தான் இது அதிகம் காணப்படுகிறது.

எங்கள் கர்ப்பகாலக் கிளினிக்குக்கு வந்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். வயது 24, இரண்டாவது கர்ப்பம். நாலாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 9.6 கிராம். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்த சோகைதான். வழக்கப்படி இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து வந்தபோது ஏறியிருக்க வேண்டிய அளவு 8.4-க்கு இறங்கியிருந்தது. "மாத்திரை சாப்பிடுகிறாயா அம்மா?" என்று கேட்டோம். "சாப்பிடுகிறேன்" என்றாள். கூட வந்த மாமியாரும் ஆமாம் என்றார். நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்டது எங்கள் நர்ஸ் அம்மாதான். எடை பார்க்கும்போது அந்தப் பெண்ணின் முந்தானை முடிச்சில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்ததைக் கவனித்து, மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "சிலருக்கு இந்த மாதத்தில் மண் வாசனை பிடிக்கும், சிலருக்கு சாக்பீஸ் பிடிக்கும், உனக்கு எது?" என்று கேட்டார்கள். "தின்கிறாயா?" என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டு, மூத்த பிள்ளையின் சிலேட்டுக் குச்சியை நாளைக்கு ஐந்தாறு தின்பதாகச் சொன்னாள். மழை பெய்தால் முற்றத்து மண் வாசனைக்கு வாயூறுகிறது என்றும், பிடிமண் எடுத்துத் தின்றதாகவும் சொன்னாள்.

அவள் இரத்தத்தை மறுபடி பார்த்தோம். சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறிப் போயிருந்தன. ஃபெரிட்டின் என்ற பரிசோதனையும் செய்தோம். ஹீமோகுளோபின் அடுப்பில் வேகும் சோறு என்றால், ஃபெரிட்டின் குதிரில் இருக்கும் நெல். குதிர் காலியான பிறகும் சில நாள் சோறு வேகும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்திப்பட முடியாது. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இருப்புத் தீர்ந்தது என்று பொருள். அவளுக்கு 6 இருந்தது. (காய்ச்சலோ வேறு தொற்றோ இருக்கும்போது பார்த்தால் இந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) ஒரு கர்ப்பம் முழுவதற்கும் ஏறக்குறைய 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. பிள்ளைகளுக்கிடையில் இடைவெளி குறைந்த பெண்ணுக்கு அவ்வளவு இருப்பு எங்கிருந்து வரும்?

இங்கே பலர் கேட்பது: "செம்மண்ணில் இரும்புதானே இருக்கிறது, உடம்பு அதைத்தானே கேட்கிறது?" கேட்க நியாயமாகத் தோன்றினாலும் அது சரியல்ல. ஐஸில் இரும்பு கிடையாது, சாக்பீஸிலும் கிடையாது. மண்ணில் இருக்கும் இரும்பைக் குடல் பெரும்பாலும் எடுத்துக்கொள்வதில்லை. அதைவிட மோசம், சில களிமண் வகைகள் சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பையும் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். துருக்கி நாட்டில் தின்னப்படும் களிமண்ணை வைத்து இதைப் பரிசோதித்து 1968-லேயே எழுதியிருக்கிறார்கள். நாங்கள் கொடுத்த மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மண்ணோடு நாக்குப்பூச்சியின் முட்டையும் உள்ளே போகும். இடத்தைப் பொறுத்து ஈயமும் போகும். இரும்பு குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். அது தாயோடு நிற்காமல் குழந்தைக்கும் போகும்.

இன்னொரு காரணமும் விசாரிக்கையில் தெரிந்தது. அவள் மாத்திரையைக் காலை டீயோடு விழுங்கியிருக்கிறாள், கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே. இரண்டும் இரும்பைத் தடுக்கும். போதாததற்கு, மலம் கறுப்பாகப் போனதைக் கண்டு பயந்து சில நாள் நிறுத்தியும் இருக்கிறாள். கறுப்பாகத்தான் போகும் என்று நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

புதிதாக எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான். 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரோடு. அதற்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி கூடாது. கால்சியம் மதியச் சாப்பாட்டோடு. பூச்சி மாத்திரை ஒருமுறை. குச்சி தின்னாதே என்று நாங்கள் மிரட்டவில்லை. ஆசை வரும்போது வாயில் போட்டுக்கொள்ளப் பொரிகடலை வைத்துக்கொள் என்றோம்.

இரண்டு வாரத்தில் வந்தாள். ஹீமோகுளோபின் 8.7, பெரிய மாற்றமில்லை. ஆனால் அவளே சொன்னாள்: "குச்சியை வாயில் வைத்தேன், வெறும் மண்ணு மாதிரி இருக்கு, துப்பிட்டேன்." இரும்பு கொடுக்க ஆரம்பித்தால், எண் ஏறுவதற்கு முன்னமே பலருக்கு இந்த ஆசை விட்டுப்போகிறது, ஐஸ் ஆசை சில நாட்களிலேயே போவதும் உண்டு. நாலாம் வாரத்தில் 9.6. ஒரு மாதத்தில் ஒரு கிராமாவது ஏறாவிட்டால் வேறு வழி பார்க்க வேண்டும், நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவது உட்பட. இவளுக்கு அது தேவைப்படவில்லை. பிரசவத்தின்போது 11. பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தினம் ஒரு மாத்திரை என்று சொல்லி அனுப்பினோம், குதிர் நிறையவேண்டுமே.

ஐஸ் கேட்ட மகளின் தாயாருக்கு வருகிறோம். இந்த ஆசைகளிலெல்லாம் இரும்புக் குறைவோடு மிக நெருங்கிய தொடர்புள்ளது ஐஸ்தான். 2014-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கண்டார்கள்: இரும்புச்சத்துக் குறைவால் இரத்த சோகையுள்ளவர்கள் ஐஸ் மென்ற பிறகு கவனப் பரிசோதனையைச் சுறுசுறுப்பாகச் செய்தார்கள், நலமாயிருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் இல்லை. சோர்ந்த மூளைக்குக் குளிர்ச்சி ஒரு தட்டு தட்டி எழுப்புகிறது போலும் என்பது அவர்கள் யூகம். ஆகவே, அம்மா, கண்டிக்கவும் வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். ஆசை உள்ள எல்லாருக்கும் இரும்பு குறைந்திருக்கும் என்றில்லை. சிலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். அணுக்கள் சிறுத்திருந்தும் ஃபெரிட்டின் சரியாயிருந்தால், பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை இரும்பு மாத்திரை சரிசெய்யாது. பரிசோதனை இல்லாமல் இவற்றைப் பிரித்தறிய முடியாது.

அந்தச் சிலேட்டுக் குச்சிக்காரி போன மாதம் கைக்குழந்தையோடு வந்தாள், தங்கையையும் கூட்டிக்கொண்டு. தங்கைக்கு மூன்றாம் மாதம். ஹீமோகுளோபின் 11.4, சீட்டைப் பார்த்தால் குறையில்லை. நர்ஸ் அம்மா வாயைத் திறப்பதற்குள் அக்காவே முந்திக்கொண்டு, "இவ பச்சரிசி தின்கிறா டாக்டர், குதிரையும் பாருங்க" என்றாள். பார்த்தோம். ஃபெரிட்டின் 9.