துருவமும் சுழியமும்



பெருக்கியின் உள்ளீட்டைத் திடீரென ஒரு படி உயர்த்தினால் வெளியீடு எவ்வாறு எழும்? சிக்கலெண் தளத்தில் பெருக்கம் எல்லையற்றதாகும் இடத்தைத் துருவம் என்றும், பூச்சியமாகும் இடத்தைச் சுழியம் என்றும் வழங்குகிறோம். இவற்றின் இருப்பிடமே விடை கூறும்.

இரண்டாம் வரிசைப் பெருக்கி ஒன்றின் துருவங்கள் −3 ± j4 எனக் கொள்வோம்; அலகு மைக்ரோ நொடிக்கு ரேடியன். மெய்ப்பகுதியாகிய 3, அலைவு அடங்கும் விரைவைத் தருகிறது. கற்பனைப்பகுதியாகிய 4, அலையும் விரைவைத் தருகிறது. எனவே வெளியீடு π/4, அதாவது சுமார் 0.79 மைக்ரோ நொடியில் உச்சம் தொடும். அப்போது இறுதி மதிப்பை ஏறத்தாழ 9.5 விழுக்காடு தாண்டி நிற்கும்.

துருவங்களை அசைக்காமல் −5இல் ஒரு சுழியம் சேர்ப்போம். அடங்கும் விரைவு மாறாது. ஆனால் வெளியீடு மாறும் வேகத்தில் ஐந்திலொரு பங்கு அதனுடன் கூடுவதால், தாண்டல் 19 விழுக்காடாகும். அச்சுழியம் +5இல் அமைந்தால் அப்பங்கு கழியும். வெளியீடு முதலில் எதிர்த்திசையில் இறங்கிப் பின்னரே எழும்.

இவ்விரு பெருக்கிகளின் அதிர்வெண் வீச்சு வரைபடங்களும் ஒன்றே. வீச்சை மட்டும் அளப்பவர் இவ்வேறுபாட்டைக் காணார். கட்டத்தையும் அளத்தல் வேண்டும். ஆகவே, துருவங்களை அறிந்தபின்னும் சுழியம் எப்பக்கம் உள்ளதென வினவாமல் நாம் முடிவு கூறலாகாது.