‘பள்ளி’ என்று எழுதிய பிள்ளைகள்

(மாலைநேர அரபு வகுப்பின் ஆசிரியர், பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் பேசியது)



சென்ற மாதம் உஸ்தாத் ஊருக்குப் போயிருந்ததால், பிள்ளைகளின் பயிற்சித் தாள்களை நான் திருத்த நேர்ந்தது. 10 அரபு வாக்கியங்களைத் தமிழில் எழுத வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். விடைக்குறிப்பு கையில் இருக்கிறதே, சுலபமான வேலை என்றுதான் உட்கார்ந்தேன்.

நான்காவது வாக்கியம் ‘தஹபல் வலது இலல் மஸ்ஜித்’. குறிப்பில் ‘சிறுவன் பள்ளிவாசலுக்குச் சென்றான்’ என்று இருந்தது. மூன்று பிள்ளைகள் ‘பையன் பள்ளிக்குப் போனான்’ என்று எழுதியிருந்தார்கள். பையன், போனான் இரண்டும் சரி. பள்ளி என்றால் பாடசாலை ஆயிற்றே என்று அடித்துவிட்டேன். அதற்குள் அஸர் பாங்கு கேட்டது. “பள்ளிக்குப் போயிட்டு வர்றேன்” என்று வீட்டில் சொல்லிக்கொண்டு எழுந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆனாலும் பிள்ளை உண்மையிலேயே பாடசாலை என்று நினைத்திருந்தால்? அதே தாளில் ஏழாவது வாக்கியத்தில் ‘மத்ரஸா’ என்ற சொல் இருந்தது. இரண்டு பேர் அங்கே ‘பள்ளிக்கூடம்’ என்று எழுதியிருந்தார்கள், வேறுபாடு தெரிந்திருக்கிறது. மூன்றாவது பிள்ளை இரண்டு இடத்திலும் ‘பள்ளி’ என்றே எழுதியிருந்தான். மறுநாள் கூப்பிட்டு, “மஸ்ஜிதுல என்ன செய்வாங்க?” என்று கேட்டேன். “தொழுவாங்க” என்றான். மூவருக்கும் முழு மதிப்பெண்.

இதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சரி போட முடியாது. ‘ஹாதா பைத்துன்’ என்பதற்குக் குறிப்பில் ‘இது ஒரு வீடு’. ‘இது வீடு’ என்று எழுதினாலும் சரிதான். தமிழில் ‘ஒரு’ கட்டாயமில்லை. ‘இந்த வீடு’ என்றால் தவறு. அது ‘ஹாதல் பைத்து’. வாக்கியம் அங்கே முடியவே இல்லை. இந்த வேறுபாடு தெரிகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வியே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு வாக்கியமும் எதைச் சோதிக்கிறது என்று குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். நான்காவதில் சோதிப்பது இறந்தகாலமும் ‘இலா’வும். ‘போகிறான்’ என்று எழுதியவருக்கு ஒன்று குறையும். ‘பள்ளிவாசலுக்குப் பையன் போனான்’ என்று சொல் இடம் மாறினால் குறையாது. புதிதாக ஏற்றுக்கொண்ட விடைகளையும் அங்கேயே குறித்து, திருத்தி முடித்த தாள்களை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். இல்லாவிட்டால் கட்டின் மேலே இருந்த பிள்ளைக்கு ஒரு நியாயம், அடியில் இருந்த பிள்ளைக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பிள்ளை ‘ஒரு சிறுவன் பள்ளிவாசலுக்குச் சென்றான்’ என்று எழுதியிருந்தாள். ‘அல்’ இருப்பதால் அவன் தெரிந்த சிறுவன். ‘ஒரு’ போட்டால் யாரோ ஒருவன் ஆகிவிடுகிறான். அரை மதிப்பெண் குறைத்தேன். உஸ்தாத் திரும்பி வந்து பார்த்துவிட்டு, “அல் பாடம் போன வாரம்தான் நடத்தினேன், ஒன்றே குறைக்கலாம்” என்றார். அவர் நடத்திய பாடம். அவர் சொன்னபடியே மாற்றிவிட்டேன்.