தலைவிக்கு முதல் வரி

நம்ம ஊத்தங்கரைப் புளி விற்பனைக்காக வியாபாரியோட 17 மெயில் ஓடிச்சு. முதல் மெயிலிலிருந்து வரிசையா ரெண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். தலைவியக்கா படிச்சிட்டு, “இப்ப நான் என்னம்மா சொல்லணும்?”னு கேட்டாங்க.

கடைசி மெயிலிலிருந்து மேலே படிச்சு, மறுபடி எழுதினேன்: “வெள்ளிக்குள் முடிவு வேண்டும். கொட்டை எடுத்த புளி 2 டன், கிலோ 110 ரூபாய்க்குக் கொடுக்கலாமா? பணம் 30 நாள் கழித்துத்தான். பாதி முன்பணம் கேட்கலாம் என்பது என் யோசனை.” அதுக்குக் கீழே காரணம் மூணே வரி.

முதல் தாளில் நான் எழுதின விலை 120. நாலாவது மெயிலில் அப்படித்தான் இருந்துச்சு. பதினொண்ணுல அவரே குறைச்சிட்டார். அதனால விலைக்குப் பக்கத்துல மெயில் தேதியும் போட்டேன்.

அக்கா நின்னுக்கிட்டே படிச்சு, “முன்பணம் கேளு”ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.