மின்கட்டணச் சீட்டு வரட்டும்



திண்டுக்கல்லில் பேகம்பூர் பக்கமோ, ஆர்.எம். காலனியிலோ மொட்டை மாடிகளை அண்ணாந்து பாருங்கள். ஒரு தெருவில் ஒரு வீட்டில் சோலார் பலகை ஏறியிருந்தால், கொஞ்ச நாளில் அதே தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் ஏறியிருக்கும். இது நம்மூர்ப் பழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைப் பற்றி 2012-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வும் இதையேதான் கண்டது. அக்கம்பக்கத்தில் பலகைகள் கூடக் கூட, அந்த வட்டாரத்தில் புதிதாக மாட்டுகிறவர்களும் கூடுகிறார்கள். விளம்பரத் தட்டியை நம்பி இரண்டு லட்சம் ரூபாயை யாரும் எடுத்து வைப்பதில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னால் வைக்கிறார்கள்.

அப்படிச் சொல்லிவிடுகிற வாடிக்கையாளருக்கு எப்படி நன்றி செய்வது, 'நாலு பேரிடம் சொல்லுங்கள்' என்று எப்போது கேட்பது, இவைதான் இன்றைய பேச்சு. எல்லாத் தொழிலுக்கும் பொதுவாகப் பேசினால் எதற்கும் உதவாது. ஆகவே வீட்டுக்கு சோலார் மாட்டிக் கொடுக்கும் ஒரு சிறிய ஒப்பந்ததாரரை எடுத்துக்கொள்வோம். ஒரு கடை, இரண்டு வேலையாட்கள், ஒரு குட்டி யானை வண்டி. அவ்வளவுதான் அவருடைய நிறுவனம்.

அவர் ஒரு வீட்டில் மூன்று கிலோவாட் மாட்டுகிறார். ஏறக்குறைய ஆறு பலகைகள். நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வரை தரும். பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. அதில் இந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம், நேராக வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கு வரும். வேலை முடிந்த அன்று மாடியில் பளபளவென்று பலகைகள். வீட்டுக்காரர் பேரனைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார். ஒப்பந்ததாரருக்கு அன்றைக்கே வாய் துறுதுறுக்கும். "அண்ணே, உங்க சொந்தக்காரங்க நம்பர் நாலு குடுங்களேன்."

அன்றைக்குக் கேட்கக் கூடாது என்பேன். வீட்டுக்காரர் இதுவரை பணம் மட்டும்தான் கொடுத்திருக்கிறார், பலன் எதையும் பார்க்கவில்லை. அவர் நம்பர் கொடுத்தாலும் முகத்துக்காகக் கொடுத்ததாக இருக்கும். மிச்சத் தொகை வாங்கும் நாளும் வேண்டாம். கடன் வசூலும் உதவி கேட்பதும் ஒரே மூச்சில் வந்தால், இரண்டுமே சுமையாகத் தெரியும். அடுத்து வருவது நெட் மீட்டருக்காகக் காத்திருக்கும் காலம். மின்வாரியத்தில் விண்ணப்பம், ஆய்வு, மீட்டர் மாற்றுதல் என்று அது தன் போக்கில் நகரும். பலகை மாடியில் சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த வாரங்களில் கேட்டால் "முதல்ல எனக்கு வேலையை முடிச்சுக் குடுப்பா" என்றுதான் பதில் வரும். அது நியாயமும்கூட.

மீட்டர் வந்துவிட்டது. இப்போது கேட்கலாமா? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். நம் மாநிலத்தில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. நெட் மீட்டர் அந்த இரண்டு மாதத்தின் நடுவில் எங்கேயோ ஒரு நாளில் மாட்டப்பட்டிருக்கும். ஆகவே அடுத்து வரும் கட்டணத்தில் பாதி நாள் பழைய கணக்கு, பாதி நாள் புதுக் கணக்கு. வீட்டுக்காரர் பெரிய எதிர்பார்ப்போடு அதைப் பார்ப்பார். "என்னப்பா, பாதிதானே குறைஞ்சிருக்கு?" என்பார். அது அரைகுறைக் கணக்கு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கெட்டிக்காரர் என்றால் மீட்டர் மாட்டும் நாளிலேயே இதைச் சொல்லிவைப்பார்: "முதல் பில்லைப் பார்த்து மனசு விடாதீங்கண்ணே, ரெண்டாவதுதான் கணக்கு."

அந்த இரண்டாவது சீட்டு வரும் நாள்தான் கேட்கும் நாள். முன்பு இரண்டு மாதத்துக்கு எழுநூறு யூனிட் ஓட்டி, நாலாயிரம் ரூபாய்க்கு அருகே கட்டிக்கொண்டிருந்த வீட்டில் இப்போது சில நூறுகள்தான் வருகின்றன. மானியமும் அதற்குள் கணக்கில் ஏறியிருந்தால் இன்னும் நல்லது. இனி அவர் சொல்லப்போவது ஒப்பந்ததாரரைப் பற்றிய புகழுரை இல்லை, தன் வீட்டுக் கணக்கு. அதைச் சொல்ல யாருக்கும் கூச்சம் இருக்காது.

நாட்காட்டியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. வாடிக்கையாளரே அடையாளம் காட்டுவார். கேட்காமலே கட்டணச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். வீட்டுக்கு வந்த மைத்துனரை மாடிக்கு அழைத்துப்போய்க் காட்டுவார். அந்தப் படம் வந்த பத்து நிமிடத்துக்குள் ஃபோன் போட வேண்டும். மறுவாரம் போட்டால் சூடு ஆறியிருக்கும். மழைக்காலத்தையும் கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடிக்கிடந்த இரண்டு மாதத்துக்கு வரும் சீட்டு சுமாராகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு சிபாரிசு கேட்காதீர்கள்.

எப்படிக் கேட்பது? "யாராவது இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், "சொல்றேன்ப்பா" என்பதோடு முடிந்துவிடும். மனிதருக்கு யார் முகமும் நினைவுக்கு வராது. "இந்தத் தடவை கரண்ட் பில்லைப் பார்த்து உங்ககிட்ட யாராச்சும் அலுத்துக்கிட்டாங்களாண்ணே?" என்று கேட்டுப்பாருங்கள். உடனே ஒரு முகம் வரும். சின்னாளபட்டியில் இருக்கும் சம்பந்தி, கூட வேலை பார்க்கும் வாத்தியார், யாரோ ஒருவர். பெயர் வந்ததும் நம்பரைப் பிடுங்காதீர்கள். "நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க, அப்புறம் நான் பேசுறேன்" என்பது மரியாதை. பலனும் அதில்தான் அதிகம்.

இனி நன்றிக்கு வருவோம். முதல் நன்றிக்குக் காசு செலவில்லை, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. சிபாரிசு செய்யப்பட்டவர் ஃபோன் செய்த அன்றே, சொல்லிவிட்டவருக்குத் தகவல் போக வேண்டும். "உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கண்ணே, நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன்." வியாபாரம் முடிகிறதா இல்லையா என்பது வேறு விஷயம். சொல்லிவிட்டவர் தன் சொல் எங்கே போனது என்று தெரியாமல் இருந்தால், அடுத்த பெயர் அவர் வாயில் வராது.

வியாபாரம் முடிந்தபின் என்ன கொடுப்பது? அமெரிக்காவில் டெட்ராயிட் பக்கம் கார் விற்றுப் பெயர் வாங்கிய ஜோ ஜிரார்ட் என்பவர், ஆள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு கார் விற்றால் 25 டாலர் என்று வைத்திருந்தார். தன் அட்டையின் பின்னால் அவர்கள் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார், பணத்தை இழுத்தடிக்கவில்லை. ஜெர்மனியில் ஒரு வங்கி, ஆள் சேர்த்துவிட்டவர்களுக்கு 25 யூரோ கொடுத்தது. அப்படி வந்த வாடிக்கையாளர்கள் மற்றவர்களைவிட விலகாமல் நீடித்தார்கள் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகப் பணம் கொடுத்தால் கெட்டுவிடும் என்று மொத்தமாகச் சொல்ல முடியாது.

ஆனால் நம்மூர் உறவுக்குள் அது வேறு மாதிரி வேலை செய்யும். எதிர்வீட்டு அண்ணாச்சி சொன்னதை நம்பி ஒருவர் சோலார் மாட்டுகிறார். நாலு மாதம் கழித்து, அண்ணாச்சிக்கு இரண்டாயிரம் ரூபாய் போனது தெரிகிறது. "ஓ, கமிஷனுக்காகத்தான் சொன்னாரா" என்ற எண்ணம் வந்துவிடும். பலகை நன்றாக ஓடினாலும் அந்தப் பேச்சு ஓயாது. போர்வெல் போடும் தொழிலில் இதன் முற்றிய வடிவம் உண்டு. வண்டியை அழைத்து வரும் தரகருக்கு அடிக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால், எந்த ஆழத்தில் நிறுத்தலாம் என்று அவரிடம் யோசனை கேட்பதில் என்ன பயன்?

என் அளவுகோல் எளிமையானது. கொடுத்ததை, சொல்லிவிட்டவர் தன் நண்பரிடமே வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். இந்த அளவுகோலுக்குப் பொருந்துவது சேவை. சோலாரில் அது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் புழுதிக்குப் பலகையை அவ்வப்போது கழுவியாக வேண்டும். போர்த் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் உப்பு வெள்ளை வெள்ளையாகப் படிந்து, அதுவே வெயிலை மறைக்கும். நல்ல தண்ணீர் வேண்டும். காலை வெயில் ஏறுமுன் கழுவ வேண்டும், கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படக் கூடாது. இந்த வேலையை ஆள் அனுப்பி ஒருமுறை செய்து கொடுக்கலாம், கூடவே இன்வெர்ட்டரையும் இணைப்புகளையும் பார்த்துவிட்டு வரலாம். புதிதாக வந்தவருக்கும் அதே சேவை ஒன்று. இருவருக்கும் கிடைப்பதால் ஒளிக்க எதுவுமில்லை. "நம்ம ரெண்டு பேர் வீட்டுக்கும் ஒருதடவை கழுவித் தர்றாங்கப்பா" என்று அண்ணாச்சியே சொல்வார். ஒப்பந்ததாரருக்கு இதில் இன்னொரு ஆதாயமும் உண்டு. பழைய வாடிக்கையாளர் வீட்டு மாடிக்குத் திரும்பப் போக ஒரு காரணம் கிடைக்கிறது, சிறு பழுது பெரிதாகுமுன் கண்ணில் படுகிறது.

வயரிங் செய்கிறவர், கொத்தனார், வீடு கட்டும் பொறியாளர் ஆகியோர் விஷயம் வேறு. அவர்களுக்கு ஆள் காட்டிவிடுவது தொழிலின் ஒரு பகுதி. அவர்களுக்குத் தொகையாகவே கொடுக்கலாம். அதைக் கமிஷன் என்றே சொல்லி, கணக்கில் எழுதி, எல்லோருக்கும் ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

சில தொழில்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடை செய்கின்றன. காப்பீட்டு முகவர் தன் கமிஷனில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுத்து பாலிசி எடுக்க வைப்பது, 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி குற்றம். பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. இந்தத் தொழில்களில் இருப்பவர்கள் நான் முதல் நன்றியாகச் சொன்ன அந்தத் தகவலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மறுபடி நம் ஒப்பந்ததாரரிடம் வருவோம். அண்ணாச்சி சொல்லிவிட்ட வீட்டுக்குப் போகிறார். வயதான தம்பதி, இரண்டு மாதத்துக்கு நூற்றைம்பது யூனிட்தான் ஓடுகிறது. அதில் முதல் நூறு யூனிட்டுக்கு அரசு கட்டணமே வாங்குவதில்லை. தெற்கே பக்கத்து வீட்டு இரண்டாம் மாடி வேறு நிழல் விழுத்துகிறது. மாட்டினால் ஒரு வியாபாரம் ஆகும், அவர்களுக்கோ போட்ட பணம் திரும்ப வெகுகாலம் பிடிக்கும். "ஐயா, இப்ப உங்களுக்கு இது வேண்டாம். ஏ.சி. போட்டு, யூனிட் ஏறினா அப்பப் பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே வருகிறார். வண்டியை எடுக்குமுன் அண்ணாச்சிக்கு ஃபோன் செய்து, என்ன பார்த்தேன், ஏன் வேண்டாம் என்றேன் என்பதை இரண்டு நிமிடம் விளக்குகிறார். அன்று சாயங்காலமே அந்தப் பெரியவரும் அண்ணாச்சியிடம் இதையேதான் பேசுவார். இருவர் சொல்வதும் ஒன்றாக இருக்கும்.