நாற்பதுக்கு மூன்று



தலைமை உரை என்றால் துறை முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தை இன்று மீறப்போகிறேன். இருபது ஓவர் ஆட்டத்தில் முதலில் பேட் செய்யும் அணி எத்தனை ரன் எடுக்கும் என்பதை எப்படிக் கணிப்பது? இந்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். உங்கள் கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை ஆடுகளத்துக்கு ஓர் எண், பேட்டிங் ஆழத்துக்கு ஓர் எண், மைதானத்தின் அளவுக்கு ஓர் எண் என்று கொடுத்து, மூன்றையும் கூட்டிவிடுகின்றன. அந்த மூன்றும் கூட்டக்கூடிய சங்கதிகள் அல்ல என்பது என் கட்சி.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் சேப்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2010 ஏப்ரலில் ஐபிஎல் ஆட்டமொன்றில் ராஜஸ்தானுக்கு எதிராகச் சென்னை அணி அங்கே 246 ரன் குவித்தது. முரளி விஜய் மட்டும் 127. அதே மைதானத்தில் 2019 சீசனின் முதல் ஆட்டத்தில் பெங்களூரு அணி 70 ரன்னுக்குச் சுருண்டது. அந்த எழுபதை எட்டிப் பிடிக்கச் சென்னைக்கு 17.4 ஓவர் தேவைப்பட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டு, ‘சேப்பாக்கத்தின் எண்’ என்று ஒன்றை எழுதி வைத்தால் அது எந்த நாளுக்கும் பொருந்தாது.

மைதானச் சராசரியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் சராசரியை எடுத்துக்கொண்டு, ‘எல்லைக்கோடு பக்கத்தில் இருக்கிறது’ என்று மேலும் பத்து ரன் சேர்க்கிறார்கள். அந்தச் சராசரி உயரமாக இருப்பதற்கே எல்லைக்கோட்டின் நெருக்கம் ஒரு காரணம். ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பதுபோல இருக்கிறது. மைதானத்தின் பங்கைத் தனியாகப் பிரிக்க வேண்டுமானால், அதே அணிகள் மற்ற மைதானங்களில் என்ன செய்தன என்பதோடு ஒப்பிட்டாக வேண்டும்.

சரி, அளவுக்கே வருவோம். நடு ஆடுகளத்திலிருந்து எல்லைக்கோடு 65 கஜத்துக்குக் குறையக் கூடாது, 90 கஜத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன ஐசிசி விதிகள். மீட்டரில் சொன்னால் சுமார் 59 முதல் 82 வரை. அறுபது மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 11,300 சதுர மீட்டர். எழுபது மீட்டர் என்றால் 15,400. ஆரம் பத்து மீட்டர் கூடினால் காக்க வேண்டிய நிலம் 36 சதவீதம் கூடுகிறது. காப்பவர்களோ, பந்து வீசுபவரையும் விக்கெட் கீப்பரையும் விட்டால், அதே ஒன்பது பேர். அதனால் பெரிய மைதானத்தில் இடைவெளி அதிகம், இரண்டு ரன் ஓட வாய்ப்பு அதிகம். சிக்ஸர் குறைவதால் ஏற்படும் இழப்பில் ஒரு பங்கை இது ஈடுகட்டுகிறது. ஆனால் சரியாகப் படாத ஒரு பந்து 65 மீட்டர் பறந்தால், சிறிய மைதானத்தில் அது ஆறு ரன். பெரிய மைதானத்தில் கேட்ச். எனவே மைதானத்தின் அளவு ரன் வேகத்தை மட்டும் மாற்றுவதில்லை, விக்கெட் விழும் வேகத்தையும் மாற்றுகிறது. இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் ஒன்று தொலைந்துபோகும்.

ஆடுகளமும் இதில் குறுக்கிடுகிறது. பந்து மட்டைக்கு வராமல் தேங்கும் களத்தில், பந்தின் வேகத்தையே பயன்படுத்தி ஸ்கொயர் பக்கம் தட்டிவிடும் அடிகள் எடுபடாது. அப்போது ஸ்கொயர் எல்லைக்கோடு எவ்வளவு பக்கத்தில் இருந்தும் பாதிப் பயன்தான். வேகமாக எழும்பி வரும் களத்திலோ அதே எல்லைக்கோடு தங்கச் சுரங்கம்.

பேட்டிங் ஆழம் இதைவிடச் சுவையானது. 2024 சீசனில் ஹைதராபாத் அணி மார்ச்சில் மும்பைக்கு எதிராக 277, ஏப்ரலில் பெங்களூருவில் 287 என்று இரண்டு முறை சாதனை படைத்தது. இரண்டு முறையும் விழுந்தவை மூன்றே விக்கெட்டுகள். ஏழாவது, எட்டாவது ஆட்டக்காரர்கள் மட்டையைத் தொடவே இல்லை. தரவை அப்படியே எடுத்து ஆராயும் மாணவர், கீழ்வரிசை எடுத்த ரன் பூஜ்யம், ஆகவே ஆழத்தால் பயனில்லை என்று எழுதிவிடுவார். உண்மை நேர்மாறு. பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முன்னால் ஆடுபவர் முதல் பந்திலிருந்தே தூக்கி அடிக்கிறார். 2023இல் ‘இம்பேக்ட் பிளேயர்’ விதி வந்தபின் அந்தத் தைரியம் எல்லா அணிகளுக்கும் ஓரளவு கிடைத்துவிட்டது. ஆழம் என்பது பயன்படுத்தாமலே பலன் தரும் கையிருப்பு.

அந்தக் கையிருப்பைச் செலவழித்தால் எவ்வளவு ரன் கிடைக்கும் என்பதை ஆடுகளம் தீர்மானிக்கிறது. கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஓவருக்கு ஒன்பதரை ரன், இருபது பந்துக்கு ஒரு விக்கெட் என்ற விகிதத்தில் நல்ல களத்தில் ஓர் அணி ஆடுகிறது. 120 பந்தில் ஆறு விக்கெட், 190 ரன். பந்துகள் முதலில் தீர்ந்துவிடுகின்றன, விக்கெட் மிஞ்சுகிறது. மிஞ்சுவதைச் செலவழித்து இன்னும் வேகமாக ஆடலாம். அதே துணிச்சலோடு கடினமான களத்தில் ஆடினால் பன்னிரண்டு பந்துக்கு ஒரு விக்கெட் போகிறது என்று வையுங்கள். அந்த விகிதத்தில் பத்து விக்கெட்டும் சரியாக 120 பந்துக்குத்தான் காணும். கடைசி மூவர் பேட்ஸ்மேன்களே அல்ல என்பதால் அதற்கு முன்பே கடையை மூட வேண்டியிருக்கும். இங்கே கூடுதல் துணிச்சல் ரன்னாக மாறுவதில்லை, விக்கெட்டாகவே கரைகிறது.

நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் புரூக்கரும் சீமஸ் ஹோகனும் உருவாக்கிய ‘வாஸ்ப்’ முறையின் அடித்தளமும் இதுதான். 2012இல் தொலைக்காட்சிக்கு வந்தது அது. மீதமுள்ள பந்து, போன விக்கெட் இரண்டையும் வைத்துக் கடைசிப் பந்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். இந்தப் பந்தில் எதிர்பார்க்கும் ரன்னோடு, விக்கெட் விழுந்தால் வரும் நிலையின் மதிப்பையும் விழாவிட்டால் வரும் நிலையின் மதிப்பையும் அந்தந்த வாய்ப்பின்படி சேர்ப்பது. நான் கேட்பதெல்லாம், ஆடுகளமும் ஆழமும் அளவும் இறுதித் தொகையில் போய் ஒட்டிக்கொள்ளாமல், பந்துக்கு இத்தனை ரன், பந்துக்கு இத்தனை விக்கெட் வாய்ப்பு என்ற இந்த இரண்டு எண்களுக்குள் நுழைய வேண்டும் என்பதுதான்.

இனி ஓர் ஆட்டம். 2024 மே 26, ஐபிஎல் இறுதிப் போட்டி, சேப்பாக்கம். கொல்கத்தாவுக்கு எதிராக டாஸ் வென்ற ஹைதராபாத் பேட்டிங்கைத் தேர்ந்தது. இரண்டு நாள் முன்பு அதே மைதானத்தில் அதே அணி 175 எடுத்து வென்றிருந்தது. ஆகவே மாலையில் யாரைக் கேட்டாலும் 170, 180 என்றுதான் சொல்லியிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். களம் செம்மண். செம்மண் என்றாலே ரன் என்று எண்ணுபவர்கள் மும்பை வான்கடேயை மனத்தில் வைத்திருப்பவர்கள். செம்மண்ணில் பந்து எழும்பும், அவ்வளவுதான். அந்த எழுச்சி யாருக்கு உதவும் என்பதை ஈரமும் புல்லும் ரோலரும் முடிவு செய்யும்.

பவர்பிளே முடிவில் 40 ரன், மூன்று விக்கெட். திரையில் தெரியும் நேர்க்கோட்டுக் கணக்குப்படி 133. அந்தக் கணக்குக்கு விக்கெட்டைப் பற்றி எதுவும் தெரியாது என்பதால் அதை விட்டுவிடலாம். நம் முன்னால் இரண்டு ஊகங்கள். களம் வழக்கமானதுதான், மூன்று விக்கெட் தற்செயல் என்பது ஒன்று. அப்படியானால் மீதி 84 பந்தில் ஓவருக்கு எட்டரை வீதம் 119 ரன், மொத்தம் 159. களம் கடினமானது என்பது மற்றொன்று. அப்படியானால் ஓவருக்கு ஆறரை வீதம் 91, மொத்தம் 131. அதுவும் இருபது ஓவரும் தாக்குப்பிடித்தால்.

எந்த ஊகத்தை நம்புவது? இருபது பந்துக்கு ஒரு விக்கெட் விழும் நல்ல களத்திலும் 36 பந்தில் சரியாக மூன்று விழ ஏறத்தாழ 16 சதவீத வாய்ப்பு உண்டு. பன்னிரண்டு பந்துக்கு ஒன்று விழும் களத்தில் அது 23 சதவீதம். வித்தியாசம் அவ்வளவுதான். ஆட்டத்துக்கு முன் ‘களம் கடினமாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு’ என்று நினைத்திருந்தால், மூன்று விக்கெட்டைப் பார்த்த பின் அது 42 சதவீதமாகத்தான் உயரும். கணிப்பு ஏறத்தாழ 147. விக்கெட் எண்ணிக்கை பார்ப்பவர் வயிற்றைக் கலக்கினாலும், களத்தைப் பற்றி அது சொல்லும் சேதி அவ்வளவு குறைவு.

நடந்தது 113. மீதி ஏழு விக்கெட்டும் 75 பந்தில் போயின. பதினொரு பந்துக்கு ஒன்று. ஓவருக்கு ஆறு ரன்கூட வரவில்லை. அதிகம் எடுத்தவர் ஒன்பதாவதாக இறங்கிய கேப்டன் கம்மின்ஸ், 24 ரன். கொல்கத்தா 10.3 ஓவரில் கோப்பையை வாங்கிக்கொண்டது.

என் கணக்கு முப்பத்துச் சொச்சம் ரன் தவறியது. விக்கெட்டை எண்ணி, அது விழுந்த விதத்தைப் பார்க்காமல் விட்டதே முதல் காரணம். முதல் ஓவரில் ஸ்டார்க் வீசிய பந்து லெக் பக்கம் குத்தி, விலகிச் சென்று அபிஷேக் சர்மாவின் ஆஃப் ஸ்டம்பின் உச்சியைத் தட்டியது. அப்படி ஒரு பந்து, மூன்று விக்கெட்டைவிடக் களத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. விக்கெட் விழாத பந்துகளில் எத்தனை மட்டையைத் தாண்டின, எத்தனை விளிம்பில் பட்டன என்று எண்ணியிருந்தால், 36 பந்தும் சாட்சி சொல்லியிருக்கும். நானோ மூன்று சாட்சிகளை மட்டும் கூண்டில் ஏற்றினேன்.

இரண்டாவது காரணம், 147 என்ற எண்ணே அபத்தம். 131க்கும் 159க்கும் நடுவே நிற்கும் அந்த இடத்தில் எந்தக் களமும் இல்லை. இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக இருந்த பரவலை நான் ஒரே புள்ளியாகச் சுருக்கிவிட்டேன். போதாதற்கு, அணி ஆல் அவுட் ஆகும் சாத்தியத்தால் கீழ்ப்பக்க வால் எப்போதும் நீளம். மேலே போக 120 பந்து என்ற வேலி இருக்கிறது, கீழே விழ வேலியே இல்லை.

மாலை அமர்வில் வாசிக்கும் நண்பர்கள் தங்கள் கணிப்பை ஒற்றை எண்ணாகத் தராமல் பரவலாக வரைந்து காட்ட முடிந்தால், மதிய இடைவேளையில் படத்தை மாற்றிக்கொள்ள இன்னும் நேரமிருக்கிறது. முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.