சோளகம் கொண்டுவருவதும் வாடை கொண்டுபோவதும்
(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் பழைய மாணவிகள் மூவர் சேர்ந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நாங்கள் மூவரும் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருவர் கற்பிட்டிப் பக்கம், ஒருவர் உடப்பு, மற்றவர் புத்தளம் நகரம். உரையை எழுதியதும் மூவரும் சேர்ந்துதான். ஆகவே தவறு இருந்தால் மூவரையும் ஏசலாம்.

மேசையில் ஒரு சிறிய போத்தல் இருக்கிறது. அது கைமாறி உங்களிடம் வரும். உள்ளே இருப்பவை சவ்வரிசி போலத் தெரியும், ஆனால் அவை பிளாஸ்டிக் மணிகள். வாளி, கதிரை, சொப்பிங் பை என்று எல்லாப் பிளாஸ்டிக் பொருட்களும் தொழிற்சாலையில் உருக்கப்படுவதற்கு முன்னர் இந்த வடிவில்தான் கப்பலில் வருகின்றன. 2021 மே 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலில் தீ தெரிந்தது. மே 25இல் அதில் வெடிப்பு நிகழ்ந்தது, கொள்கலன்கள் கடலில் விழுந்தன. அடுத்த ஓரிரு நாட்களில் நீர்கொழும்புக் கரை வெள்ளையாகிவிட்டது. ஜூன் 2ஆம் திகதி கப்பலின் பின்புறம் கடல் அடியில் தட்டியது. அந்தக் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் மணிகள் இருந்தன. ஒரு மணியின் நிறை சுமார் 25 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு கிலோவில் 40,000 மணிகள் இருக்கும், 25 கிலோச் சாக்கு ஒன்றில் பத்து இலட்சம். மொத்தக் கணக்கை வீட்டில் போட்டுப் பாருங்கள், கல்குலேட்டரில் இடம் போதாமல் போகலாம். இவற்றில் ஒரு பகுதி எரிந்தது, ஒரு பகுதி உருகிக் கருங்கல் போன்ற கட்டிகளாகியது, மிச்சம் கடலில் கொட்டியது.

கப்பல் எரிந்தது கொழும்புக்கு அப்பால். அப்படியிருக்க மணிகள் சிலாபத்தையும் கற்பிட்டியையும் தாண்டி மன்னார்ப் பக்கம் வரை எப்படி வந்தன? எங்கள் உரை இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

அதற்கு முன் மேசையில் இருக்கும் இரண்டு கண்ணாடிக் குவளைகளைப் பாருங்கள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் லீற்றருக்கு 35 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர், அதாவது ஏறக்குறையக் கடல்நீர். இரண்டிலும் ஒவ்வொரு மணியைப் போடுகிறோம். இரண்டும் மிதக்கின்றன. பொலித்தீன் வகையைச் சேர்ந்தவை தண்ணீரைவிட இலேசானவை. இனித் தண்ணீர்ப் போத்தலில் வெட்டிய ஒரு துண்டைப் போடுகிறோம். அது இரண்டிலும் தாழ்கிறது. போத்தலின் மூடியைப் போட்டால் அது மிதக்கிறது. ஆகவே மூடி பூட்டி எறிந்த போத்தல் உள்ளே காற்றுள்ளவரை எத்தனை கடலும் தாண்டும். மூடியைக் கழற்றி எறிந்தால் போத்தல் எறிந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தாழ்ந்துவிடும், மூடி மட்டும் தனியே பயணம் போகும். கடற்கரையில் மூடிகள் இத்தனை ஏன் கிடக்கின்றன என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறோம். விடை இந்தக் குவளைக்குள் இருந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். கப்பல் எரிந்தது சோளகக் காலம். சோளகத்தில் அலை தென்மேற்கிலிருந்து சரிந்து வந்து நம் கரையில் மோதுகிறது. மோதிய நீர் மணலில் சரிவாக ஏறுகிறது, இறங்கும்போது நேராக இறங்குகிறது. அதனோடு ஏறி இறங்கும் எந்தப் பொருளும் ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் வடக்கே நகர்ந்துவிடும். நாளொன்றுக்கு எத்தனை ஆயிரம் அலை! மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் கடலுக்குக் கொடுக்கும் மணலும் இந்த வழியாகத்தான் வடக்கே போகிறது. கற்பிட்டித் தீபகற்பம் வடக்கு நோக்கி நீண்ட விரல் போலக் கிடப்பதற்கும் இதுவே காரணம். நமக்கு நிலம் தந்த அதே அலைதான் மணிகளையும் கொண்டுவந்து தந்தது.

ஆனால் கரையை விட்டு ஆழத்துக்குப் போன மணிகளின் கதை வேறு. சோளகத்தில் அரபிக் கடல் பக்கத்திலிருந்து வரும் பெரிய நீரோட்டம் இலங்கையின் தெற்கைச் சுற்றிக்கொண்டு கிழக்கே ஓடுகிறது. ஒரே சாக்கில் இருந்த மணிகளில் கரையோரம் சிக்கியவை வடக்கே கற்பிட்டிக்கு வர, ஆழத்துக்குப் போனவை தெற்கே போய் வங்காள விரிகுடாப் பக்கம் திரும்பக் கூடும்.

தங்கைமார் புவியியல் பாடத்தில் பெருஞ்சுழல் பற்றிப் படித்திருப்பீர்கள். தென்னிந்து சமுத்திரத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. மத்திய கோட்டுக்குத் தெற்கே காற்று நீரை மேற்கே தள்ளுகிறது, இன்னும் தெற்கே போனால் கிழக்கே தள்ளுகிறது. பூமி சுழல்வதால் தென் அரைக்கோளத்தில் மேற்பரப்பு நீர் காற்றின் இடப்பக்கம் விலகும். இரு பக்கமிருந்தும் விலகும் நீர் நடுவில் குவிகிறது. நீர் குவிந்து அடியில் இறங்கினாலும் மிதக்கும் பொருள் இறங்காது, அங்கேயே நின்றுவிடும். குப்பைத் தீவு என்று பத்திரிகைகள் எழுதுகின்றன, ஆனால் ஏறி நிற்கக்கூடிய தீவு எதுவும் அங்கே கிடையாது. படகில் போனால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் துண்டுகள் தெரியும், சின்னத் துகள்களைப் பார்ப்பதற்கு நுண்ணிய வலை இழுக்க வேண்டும்.

அந்தச் சுழல் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு சோகமான சான்று உண்டு. 2014 மார்ச் 8ஆம் திகதி காணாமல் போன மலேசிய விமானத்தின் இறக்கைத் துண்டு ஒன்று 2015 ஜூலை 29இல் மடகஸ்காருக்குக் கிழக்கேயுள்ள ரியூனியன் தீவில் கரை ஒதுங்கியது. அதன் மேல் காம்புள்ள சிப்பி போன்ற கொட்டலசுகள் ஒட்டியிருந்தன. அவை திறந்த கடலில் மிதக்கும் பொருட்களிலேயே பற்றி வளர்பவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வடக்கே, நம் பக்கம், அப்படி நிலையான சுழல் இல்லை. வடக்கே நிலம் அடைத்துக்கொண்டிருக்கிறது. காற்றோ வருடத்தில் இரண்டு தரம் திசை மாறுகிறது, அதோடு நீரோட்டமும் திரும்பிவிடுகிறது. ஆகவே இந்தக் கடலில் மிதக்கும் குப்பைக்கு நிரந்தரமான இருப்பிடம் கிடையாது. அங்குமிங்கும் அலைந்து கடைசியில் ஏதோ ஒரு கரையில் ஏறும், அல்லது மத்திய கோட்டைத் தாண்டித் தெற்கே போகும். பசுபிக்கில் குப்பையைச் சேர்த்து வைப்பது நடுக்கடல் என்றால் இங்கே சேர்த்து வைப்பது கரைதான்.

இனி எங்களைச் சங்கடப்படுத்திய விஷயம். சோளகம் முடிந்ததும் கரையில் கிடக்கும் போத்தல்களைப் பொறுக்கிப் பார்த்தால் வெளிநாட்டு எழுத்துகள் பல தெரியும். பார்கோட் 890 என்று தொடங்கினால் இந்தியப் பதிவு, 899 என்றால் இந்தோனேசியா, 479 என்றால் நம் நாடு. நாங்களும் முதலில், "பார், எல்லாம் அங்கிருந்து வருகிறது" என்றுதான் பேசிக்கொண்டோம். ஆனால் அந்த இலக்கம் கம்பனி பதிவான நாட்டைத்தான் சொல்லும், எறிந்த இடத்தைச் சொல்லாது. கடந்து போகும் கப்பலிலிருந்தும் எறிந்திருக்கலாம். அதற்குத்தான் கொட்டலசைப் பார்க்க வேண்டும். அது அடர்த்தியாக ஒட்டியிருந்தால் பொருள் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், திறந்த கடலில் கிடந்து வந்தது. லேபல் பளபளவென்று இருந்து, திகதியும் அண்மையதாக இருந்து, ஒன்றுமே ஒட்டாமல் இருந்தால் அது பக்கத்திலிருந்து வந்தது, அல்லது பக்கத்தில் போன கப்பலிலிருந்து வந்தது.

அப்படியானால் நாம் போடும் குப்பை எங்கே? ஐப்பசி மழை வரும்வரை அது வடிகான்களிலும் ஓயாக்களிலும் காத்துக் கிடக்கிறது. வரட்சியில் ஓயாவின் முகத்தை மணல்மேடு அடைத்துவிடும். லன்ச் சீற், யோகட் கோப்பை, ரெஜிபோம் பெட்டி எல்லாம் புதரிலும் மணல்மேட்டுக்கு உள்பக்கத்திலும் தங்கும். முதற் பெருமழையில் வெள்ளம் மேட்டை உடைத்துக்கொண்டு போகும்போது பல மாதக் குப்பை இரண்டு மூன்று நாளில் கடலுக்குள் போய்விடும். பிறகு வாடை பிடிக்கிறது. வாடை நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும் காற்று, அது நம் குப்பையைக் கரையை விட்டு அப்பால் தள்ளிவிடும். அந்தக் காலத்தில் பெரிய நீரோட்டமும் மேற்கே, மாலைதீவுப் பக்கம் ஓடுகிறது. அங்கே ஒரு பிள்ளை நம் 479ஐப் பொறுக்கிப் பார்த்து என்ன நினைக்கும்? வந்ததை எண்ணினோம், போனதை நாங்கள் எண்ணியதே இல்லை.

கரையில் நிற்பவருக்குத் தெரியாதது உடப்புக்காரருக்குத் தெரியும். சோளகத்தில் கிழக்குக் கரைக்குப் போய்த் தொழில் செய்பவர்கள் கடல் அடங்கியதும் ஊர் திரும்பிக் கரைவலை இழுக்கிறார்கள். மழைக்குப் பின் இழுக்கும் வலையில் மடி கனத்து வரும், மீன் என்று சந்தோஷப்பட்டால் பாதி பொலித்தீனாக இருக்கும். சேறு ஏறிய பொலித்தீன் மிதக்காது, அடியோடு இழுபட்டு வரும். எங்களில் ஒருவரின் மாமா சொல்வார், "பிள்ளை, இழுக்கிற கூலி ஒன்றுதான், மீனுக்கும் குப்பைக்கும்."

புத்தளம் களப்பு இன்னொரு மாதிரி. கலா ஓயாவும் மீ ஓயாவும் நகர வடிகான்களும் அதில் விழுகின்றன, ஆனால் கடலோடு சேரும் வாய் வடக்கே தொலைவில். வற்றுப் பெருக்கும் குறைவு. விழுந்தது எளிதில் வெளியே போகாது, கண்டல் வேர்களில் துணி காயப்போட்டது போலத் தொங்கும். நம் கல்லூரி மதிலுக்குப் பின்னால் போகும் வடிகானும் அங்கேதான் போய் விழுகிறது. இடைவேளையில் லன்ச் சீற்றைச் சுருட்டி மதிலுக்கு மேலால் எறிவதில் எங்கள் வகுப்பில் போட்டியே நடந்தது. வென்றவர் இன்று இந்த மேடையில் நிற்கிறார், பெயர் சொல்ல மாட்டோம்.

மணிகளைப் பொறுத்தவரை இன்னும் வேலை முடியவில்லை. அலை அவற்றை மணலுக்குள் அடுக்கடுக்காகப் புதைத்திருக்கிறது. மேலே சுத்தமாகத் தெரியும் கரையில் ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வரி ஒன்று தெரியக்கூடும், அடுத்த சோளகம் மணலை அரித்தால் அதுவும் வெளியே வந்துவிடும். எடுக்கும் முறை எளிது. மணலை வாளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் மணல் அடியில் தங்கும், மணி மேலே வரும், மாவரியால் அள்ளி எடுக்கலாம். ஆனால் எரிந்த கட்டிகள் எல்லாம் இதற்கு அகப்படுவதில்லை. அவை கல்லோடு கல்லாகக் கிடக்கும், கையில் எடுத்தால் உதிர்ந்து இன்னும் சிறிதாகும், ஆகவே கண்ணால் தேடிக் கையுறை போட்டு முழுதாக எடுக்க வேண்டும்.

முதல் மழைக்கு முன்னர், புரட்டாசி முடிவில், மதிலுக்குப் பின்னால் உள்ள வடிகானின் வாயில் பழைய கரைவலைத் துண்டு ஒன்றைக் குறுக்கே கட்டுவதற்கு அதிபர் அனுமதி தந்திருக்கிறார். மழை நாட்களில் தினமும் வழிக்காவிட்டால் தண்ணீர் தேங்கிப் பின்பக்க வகுப்பறைக்குள் வந்துவிடும், ஆகவே முறை போட்டு ஆள் வேண்டும். பெயர்ப் பட்டியல் வாசலில் இருக்கிறது. முதலாம், இரண்டாம், மூன்றாம் நாள் எங்களுடையவை.

கையில் உள்ள போத்தலைப் பார்த்து முடிந்தவர்கள் தயவுசெய்து மூடியை இறுக்கித் திருப்பித் தாருங்கள். மணிகளை எண்ணித்தான் கொண்டுவந்தோம்.